முன்கூட்டிக் கொடுத்த பணம், முழுதாக எடுத்த வரி வரவு

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனம், ஜிஎஸ்டி வந்த புதிதில், தமிழ்நாட்டின் முன்தீர்ப்பு ஆணையத்திடம் ஒரு கேள்வியைக் கொண்டுபோனது. கெடு நாளுக்கு முன்பே பணம் கொடுத்தால் சப்ளையர்கள் பில் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார்கள். பில்லில் முழுத் தொகைக்கும் வரி போடப்பட்டிருக்கிறது, கொடுத்ததோ குறைந்த தொகை. அப்படியானால் உள்ளீட்டு வரி வரவை முழு வரிக்கும் எடுக்கலாமா, கொடுத்த பணத்தின் அளவுக்கு மட்டும்தானா? 2019 ஜனவரியில் ஆணையம், கொடுத்த அளவுக்கு மட்டும்தான் என்றது. அதே ஆண்டு ஜூனில் மேல்முறையீட்டு ஆணையம் அதை ரத்துசெய்து, முழு வரியையும் எடுக்கலாம் என்றது.

ஒரே சட்டத்தை வைத்துக்கொண்டு ஐந்தே மாதத்தில் இரண்டு நேரெதிர் விடைகள். இந்த முரண்பாடு பெரிய நிறுவனங்களோடு நிற்கவில்லை. நூல், செம்புக் கம்பி, அட்டைப்பெட்டி, மருந்து என்று கடனில் சரக்கு வாங்கி, சீக்கிரம் பணம் கட்டி, ‘சி.டி.’ என்று கேஷ் டிஸ்கவுண்ட் வாங்கும் எல்லாச் சிறு தொழிலையும் அது தொட்டது. தணிக்கைக்கு வரும் அதிகாரி லாப நஷ்டக் கணக்கில் ‘டிஸ்கவுண்ட் ரிசீவ்டு’ என்ற வரியில் விரலை வைத்து, இதற்கான வரி வரவைத் திருப்பினீர்களா என்று கேட்பது வழக்கமான கேள்வியாகிவிட்டது.

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முதலில் ஒரு பில்லை முழுதாகப் பார்க்க வேண்டும். கோவையில் பம்ப் மோட்டார் செய்யும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். அது ₹5,00,000 மதிப்புக்கு வைண்டிங் கம்பி வாங்குகிறது. 18 சதவீத ஜிஎஸ்டி ₹90,000. பில் தொகை ₹5,90,000. கடன் 60 நாள். 10 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி. பட்டறை பத்தாம் நாளே பணத்தைக் கட்டிவிடுகிறது. சரக்கின் மதிப்பில் 2 சதவீதம், அதாவது ₹10,000 குறைகிறது. இனி இந்த ₹10,000 எந்தக் காகிதத்தின் வழியாகக் கணக்குக்குள் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு வழி, சப்ளையர் ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி வரியோடு கூடிய கிரெடிட் நோட் போடுவது. அதில் மதிப்பு ₹10,000, வரி ₹1,800, ஆக ₹11,800 குறையும். பட்டறை கட்ட வேண்டியது ₹5,78,200. சப்ளையர் தன் ரிட்டர்னில் ₹1,800 வரியைக் குறைத்துக்கொள்கிறார். அதனால் பட்டறையும் தன் வரவில் ₹1,800ஐ விட்டுவிட வேண்டும். அதற்கு மிஞ்சுவது ₹88,200. கம்பியின் நிகர அடக்கம் ₹4,90,000.

இன்னொரு வழி, வரியைத் தொடாமல் வெறும் ₹10,000க்குக் கிரெடிட் நோட் போடுவது. கணக்கர்கள் இதை ஃபைனான்ஷியல் கிரெடிட் நோட் என்றோ கமர்ஷியல் கிரெடிட் நோட் என்றோ சொல்வார்கள். இது இரு தரப்பின் பேரேட்டில் மட்டும் ஏறும், ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஏறாது. பட்டறை ₹5,80,000 கட்டுகிறது. சப்ளையர் அரசுக்குச் செலுத்திய ₹90,000 அப்படியே இருக்கிறது. பட்டறையும் முழு ₹90,000ஐ வரவாக வைத்துக்கொள்கிறது. நிகர அடக்கம் மறுபடியும் ₹4,90,000.

இரண்டு வழியிலும் பட்டறைக்கு ஒரே அடக்கம், சப்ளையர் கையில் ஒரே வருமானம். அரசுக்கும் நஷ்டமில்லை: முதல் வழியில் சப்ளையரிடம் ₹1,800 குறைந்தது, வாங்கியவரிடம் அதே ₹1,800 கூடியது, இரண்டாம் வழியில் எதுவுமே நகரவில்லை. வரி வரவு பின்தொடர வேண்டியது சப்ளையர் செலுத்திய வரியை. வாங்கியவர் கொடுத்த பணத்தை அல்ல. ஒருவர் மட்டும் நகர்ந்து மற்றவர் நிற்கும்போதுதான் கோளாறு. சப்ளையர் ₹1,800ஐக் குறைத்துக்கொண்டு, வாங்கியவர் முழு ₹90,000ஐயும் வைத்துக்கொண்டால் அரசுக்கு இழப்பு. சப்ளையர் குறைக்காமலே வாங்கியவரை ₹1,800 திருப்பச் சொன்னால், ஒரே மதிப்பின் மீது அரசு இரண்டு முறை வசூலிக்கிறது.

எம்.ஆர்.எஃப். வழக்கில் முதல் ஆணையம் சொன்னது இந்த இரண்டாவது நிலைக்குத்தான் கொண்டுபோய் விட்டது. அந்த நிறுவனம் சி2எஃப்ஓ என்ற இணையத் தளத்தைப் பயன்படுத்த நினைத்திருந்தது. வாங்குபவர் ஒப்புக்கொண்ட பில்கள் அந்தத் தளத்தில் ஏற்றப்படும். பணம் அவசரமாகத் தேவைப்படும் சப்ளையர், ‘இவ்வளவு குறைத்துக்கொள்கிறேன், முன்கூட்டிக் கொடுங்கள்’ என்று அங்கே கேட்பார். வாங்குபவர் எதிர்பார்க்கும் லாபத்தோடு அது பொருந்தினால் பணம் போகும். தள்ளுபடி எவ்வளவு என்பது சரக்கு வந்து, பில் போட்ட பிறகே முடிவாகும். சப்ளையர் தன் வரியைக் குறைப்பதில்லை.

முதல் ஆணையம் பிடித்துக்கொண்டது பணத்தை. சரக்கின் விலையையும் வரியையும் 180 நாளுக்குள் சப்ளையருக்குக் கொடுக்காவிட்டால் எடுத்த வரவைத் திருப்ப வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. கொடுத்த பணம் குறைவு, ஆகவே வரவும் குறைவு என்ற வாதம் அங்கிருந்து வருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்த விதி, சப்ளையருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் வியாபாரிக்காக எழுதப்பட்டது. சப்ளையரே விட்டுக்கொடுத்த தொகை, சேர வேண்டிய தொகையில் இல்லை. அதைக் ‘கொடுக்கத் தவறியது’ என்று எப்படிச் சொல்வது?

மேல்முறையீட்டு ஆணையம் வேறு இடத்திலிருந்து தொடங்கியது. சரக்கின் வரிக்குரிய மதிப்பு எது என்பதை 15ஆம் பிரிவு தீர்மானிக்கிறது. சப்ளைக்குப் பிறகு கொடுக்கும் தள்ளுபடியை மதிப்பிலிருந்து கழிக்க அதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்தத் தள்ளுபடி சப்ளைக்கு முன்போ அப்போதோ செய்த ஒப்பந்தத்தில் இருந்து, குறிப்பிட்ட பில்லோடு தொடர்புபடுத்தப்பட்டிருக்க வேண்டும். வாங்கியவர் அதற்குரிய வரவைத் திருப்பியிருக்க வேண்டும். சி2எஃப்ஓ தள்ளுபடி முதல் நிபந்தனையிலேயே நின்றுவிடுகிறது. எனவே மதிப்பு குறையவில்லை, வரி குறையவில்லை. அப்படியிருக்க வரவை மட்டும் குறைக்க இடமில்லை. இந்த விடைதான் சட்டத்தின் கட்டமைப்போடு பொருந்துகிறது. வரவைத் திருப்புவது, சப்ளையர் தன் வரியைக் குறைத்துக்கொள்வதற்கு விதித்த நிபந்தனை. தள்ளுபடி வாங்கியதற்காக வாங்கியவர் மீது விதித்த அபராதம் அல்ல.

ஆனால் முன்தீர்ப்பு, கேட்டவரையும் அவருக்குரிய அதிகாரியையும் மட்டுமே கட்டுப்படுத்தும். எம்.ஆர்.எஃப்.க்குக் கிடைத்த நிம்மதி, கோவைப் பட்டறைக்குக் கிடைக்கவில்லை. மத்திய வரி வாரியம் 2019 மார்ச்சில் வெளியிட்ட 92ஆம் சுற்றறிக்கை, நிபந்தனைகள் பொருந்தாத தள்ளுபடிக்கும் கமர்ஷியல் கிரெடிட் நோட் போடலாம் என்று ஒத்துக்கொண்டது. ஆயினும் வரி வரவைப் பற்றிப் பேசும்போது சப்ளையரின் வரவுக்குப் பாதிப்பில்லை என்று சொல்லி நிறுத்தியது. வாங்கியவரின் வரவு என்ன ஆகும்? அதற்கு நேரான பதில் இல்லை. அதே ஆண்டு ஜூனில் 105ஆம் சுற்றறிக்கை வந்து தள்ளுபடி விவகாரத்தை இன்னும் சிக்கலாக்கியது. எதிர்ப்பு எழ, அக்டோபரில் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அது திரும்பப் பெறப்பட்டது.

தமிழ்நாட்டு வியாபாரிகளுக்கு இந்த வேதனை புதிதல்ல. மதிப்புக் கூட்டு வரிக் காலத்தில், வாங்கிய விலையைவிடக் குறைத்து விற்றால், விற்றபோது வசூலான வரிக்கு மேற்பட்ட வரவைத் திருப்ப வேண்டும் என்று மாநிலச் சட்டத்தில் 19(20) என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. தயாரிப்பாளர் பின்னால் கிரெடிட் நோட் கொடுத்து ஈடுகட்டுவார் என்ற நம்பிக்கையில் விலையைக் குறைத்து விற்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள். தயாரிப்பாளர் முழு வரியையும் கட்டியிருந்தாலும் விடிவில்லை. ஜெயம் அண்டு கம்பெனி வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், வரி வரவு என்பது சட்டம் நிபந்தனையோடு தரும் சலுகை என்று சொல்லி அந்தப் பிரிவைச் செல்லும் என்றது. 2007 முதல் முன்தேதியிட்டு அமல்படுத்தியதை மட்டும் ரத்துசெய்தது. சலுகை என்பதால் நிபந்தனையை எழுத்தில் தேட வேண்டும் என்பதும் இதிலிருந்து கிடைக்கும் பாடம்தான். ஜிஎஸ்டி சட்டத்தில் 19(20)ஐப் போன்ற ஒரு பிரிவு இல்லை. இல்லாத பிரிவை நோட்டீஸ் வழியாகக் கொண்டுவர முடியாது.

வாங்கியவருக்கான நேரான பதில் 2025 செப்டம்பர் 12ஆம் தேதி வெளியான 251ஆம் சுற்றறிக்கையில்தான் வந்தது. ஃபைனான்ஷியல் கிரெடிட் நோட் மூலம் தள்ளுபடி கொடுத்தால் மூல மதிப்பும் சப்ளையரின் வரியும் குறைவதில்லை. ஆகவே வாங்கியவர் வரவைத் திருப்ப வேண்டியதில்லை என்று அது தெளிவாகச் சொல்கிறது. எம்.ஆர்.எஃப். மேல்முறையீட்டில் சொல்லப்பட்ட அதே காரணம், ஆறு ஆண்டுகள் கழித்து எல்லோருக்கும் பொதுவானது. சுற்றறிக்கை துறை அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும். நிலுவையில் இருக்கும் நோட்டீஸ்களுக்குப் பதில் எழுதுபவர்கள் முதலில் காட்ட வேண்டிய காகிதம் அதுதான்.

காட்டுவதற்கு முன், தன் கையில் இருப்பது எந்த வகைக் கிரெடிட் நோட் என்பதைப் பட்டறை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இது கடினமல்ல. 34ஆம் பிரிவின்படியான நோட்டில் இரு தரப்பின் ஜிஎஸ்டி எண், மூல பில்லின் எண்ணும் தேதியும், வரி விகிதமும், வரித் தொகையும் இருக்கும். சப்ளையர் அதைத் தன் GSTR-1இல் ஏற்றியிருப்பார். அது வாங்கியவரின் GSTR-2Bயில் தெரியும். கமர்ஷியல் நோட்டில் வரி என்ற பத்தியே இருக்காது, 2Bயிலும் வராது. மாதாமாதம் பேரேட்டில் உள்ள கிரெடிட் நோட்டுகளை 2Bயோடு ஒப்பிட்டால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். சிக்கலானது மூன்றாவது நிலை: பேரேட்டில் வரியில்லாத நோட் இருக்கிறது, 2Bயில் அதே தொகைக்கு வரியோடு நோட் வந்திருக்கிறது. சப்ளையரின் கணக்குப்பிள்ளை தவறுதலாக ஏற்றியிருக்கலாம். கவனிக்காமல் விட்டால் பட்டறைக்கு வர வேண்டிய ₹1,800 ரொக்கமும் வராது, ₹1,800 வரவும் போய்விடும்.

2024 அக்டோபர் முதல் இயங்கும் இன்வாய்ஸ் மேலாண்மைத் தளத்தில் இப்படி வரும் நோட்டை ஏற்கவோ நிராகரிக்கவோ முடியும். எதுவும் செய்யாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். நிராகரித்தால் சப்ளையர் குறைத்த வரி அவருடைய அடுத்த ரிட்டர்னில் மறுபடியும் ஏறும். ஆகவே நிராகரிப்பதற்கு முன் ஒரு போன் செய்து பேசிவிடுவது நல்லது. நல்ல சப்ளையரோடு உறவு கெட ₹1,800 போதும்.

பணத்தைக் கழித்துக்கொள்பவர் வாங்கியவராகவே இருக்கும்போதுதான் 180 நாள் விதி உண்மையிலேயே கடிக்கும். பட்டறை பத்தாம் நாளில் கட்டாமல் நாற்பதாம் நாளில் கட்டி, அப்போதும் ₹10,000ஐப் பிடித்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். சப்ளையர் ஒத்துக்கொள்ளவில்லை, கிரெடிட் நோட்டும் போடவில்லை. அவர் பேரேட்டில் அந்த ₹10,000 பாக்கியாகவே நிற்கிறது. இது தள்ளுபடி அல்ல, கொடுக்காத கடன். பில் தேதியிலிருந்து 180 நாள் கடந்தால் 37ஆம் விதியின்படி, கொடுக்காத தொகையின் விகிதத்தில் வரவைத் திருப்ப வேண்டும்: ₹5,90,000இல் ₹10,000 என்ற விகிதத்தில், ₹90,000இல் சுமார் ₹1,525. வட்டியும் சேரும். பாக்கியைப் பின்னால் கட்டினால் வரவை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். வாங்கியவர் தன் பேரேட்டில் டெபிட் நோட் போட்டுவைத்திருப்பது இதற்குத் தீர்வாகாது. ஜிஎஸ்டியில் மதிப்பைக் குறைக்கும் நோட்டைப் போடும் உரிமை சப்ளையருக்கு மட்டுமே உண்டு.

தகராறு எழாமல் இருக்க, தள்ளுபடி எதன் மீது என்பதையும் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். ‘2 சதவீதம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்கியவர் ₹5,90,000 மீது ₹11,800 கழிப்பார். சப்ளையரும் அதே தொகைக்கு வரியில்லாத நோட்டைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பட்டறையின் நிகர அடக்கம் ₹4,88,200 ஆகிறது. வரியாகக் கட்டிய தொகையில் ₹1,800ஐச் சப்ளையர் தன் கையிலிருந்து விட்டுக்கொடுக்கிறார். சட்டப்படி இதில் தவறில்லை. பேசி முடிவுசெய்த விலை அது என்றால் வரவும் முழுதாகவே இருக்கும். பேசாமல் நடந்தால்தான் ஆண்டு முடிவில் இரு பேரேடுகளும் ஒத்துப்போகாது.

வாங்கியவர் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 50 நாள் முன்னதாகக் கட்டி 2 சதவீதம் பெறுவது ஆண்டுக்கு ஏறக்குறைய 14.9 சதவீத வட்டிக்குச் சமம் என்று வணிகவியல் பாடத்தில் சொல்வார்கள். ஜிஎஸ்டியில் அது அப்படியே பொருந்தாது. பட்டறை முன்கூட்டிக் கட்டுவது வரியையும் சேர்த்து ₹5,80,000; மிச்சமாவது ₹10,000. இது ஆண்டுக்கு 12.6 சதவீதம்தான். ஓ.டி. கணக்கில் வங்கிக்குக் கட்டும் வட்டி இதற்கு நெருக்கமாக இருந்தால், கடன் வாங்கிச் சி.டி. எடுப்பதில் லாபம் பெரிதாக இல்லை.

வரி வரவே எடுக்க முடியாதவருக்குக் கணக்கு மாறிவிடும். வரிவிலக்குள்ள சிகிச்சைச் சேவை மட்டும் தரும் மருத்துவமனை, அல்லது காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் கடை அதே கம்பியை வாங்கினால், வரியோடு கூடிய கிரெடிட் நோட்டில் அடக்கம் ₹5,78,200. வரியில்லாத ₹10,000 நோட்டில் ₹5,80,000. இங்கே ₹1,800 உண்மையான செலவு. இப்படிப்பட்டவர்கள் சப்ளையரிடம் 34ஆம் பிரிவின்படியான நோட்டைக் கேட்டு வாங்குவதே சரி. அதற்குத் தள்ளுபடி நிபந்தனை சப்ளைக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

அந்த முன்ஒப்பந்த நிபந்தனையே 2025இல் அசையத் தொடங்கியது. 2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 56ஆவது கூட்டம், தள்ளுபடியை முன்கூட்டிய ஒப்பந்தத்தோடு கட்டும் பகுதியை 15ஆம் பிரிவிலிருந்து நீக்கி, 34ஆம் பிரிவின் கிரெடிட் நோட்டே போதும் என்று ஆக்கப் பரிந்துரைத்தது. வரவு திருப்பப்பட்டதற்கு ஆடிட்டர் சான்று கேட்ட 212ஆம் சுற்றறிக்கையும் அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டது. அதே மாதம் முதல் அமலான 34ஆம் பிரிவின் திருத்தம், வாங்கியவர் தான் எடுத்த வரவைத் திருப்பாவிட்டால் சப்ளையர் வரியைக் குறைக்க முடியாது என்று நேராகவே சொல்கிறது. கவுன்சிலின் பரிந்துரைப்படி சட்ட வாசகம் மாறினால், சி2எஃப்ஓ போல பில்லுக்குப் பிறகு முடிவாகும் தள்ளுபடியையும் வரியோடு கூடிய நோட்டாகப் போட வழி பிறக்கும். எந்த வகை நோட் என்பது சட்டம் தீர்மானிப்பதாக இல்லாமல், இரு வியாபாரிகள் பேசி முடிவுசெய்வதாக மாறும். வரியோடு கூடிய நோட்டுக்கு ஒரு கெடு மட்டும் தொடர்கிறது: சப்ளை நடந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30ஆம் தேதி, அல்லது ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்த நாள், இவற்றில் எது முந்தையதோ அதற்குள் அது ரிட்டர்னில் ஏறியிருக்க வேண்டும். அது தவறினால் சப்ளையரிடம் மிஞ்சுவது வரியில்லாத நோட் மட்டுமே.